அப்பாவுக்கு மாத்திரை நேரம் சொல்லும் ஸ்பீக்கர்: முதல்முறை செட் செய்பவர்களுக்கு

அப்பாவுக்கு வயது 76. அம்மாவும் அவரும் கும்பகோணத்தில், நான் கோயம்புத்தூரில். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, டிபனுக்குச் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும், இரவு கொலஸ்ட்ரால் மாத்திரை, இதற்கு நடுவில் கண் பிரஷருக்கு இரண்டு விதமான சொட்டு மருந்து காலையும் மாலையும். தினம் போன் போட்டு "மாத்திரை போட்டீங்களா" என்று கேட்டுக் கேட்டு எனக்கும் அலுத்துவிட்டது, அவருக்கும் எரிச்சல். அதனால் எக்கோ டாட் என்ற அமேசானின் அலெக்சா ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி வைத்து, அது நேரத்துக்குக் கூப்பிட்டுச் சொல்கிற மாதிரி ரொட்டீன் போட்டுக் கொடுத்தேன். இப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஓடுகிறது. ஆனால் முதல் இரண்டு மாதம் நான் செய்தது பெரும்பாலும் தப்பு, ஒன்று ஆபத்தான தப்பும்கூட. நீங்கள் அதையே திரும்பச் செய்ய வேண்டாம் என்றுதான் விலாவாரியாக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது அலெக்சா என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். ஆப் அப்டேட் ஆகும்போது பட்டன்கள் இடம் மாறும், பெயரும் கொஞ்சம் மாறலாம், ஆனால் விஷயம் இதுதான்.

வைப்பதற்கு முன்

ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஹாலில் டிவி பக்கத்தில் வைக்காதீர்கள், சீரியல் சத்தத்தில் அது சொல்வது காதில் விழாது. மாத்திரை டப்பா எங்கே இருக்கிறதோ அங்கே, அதன் பக்கத்திலேயே வையுங்கள். எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜை ஓரம். சத்தம் கேட்டு ஆள் அங்கே வந்தால் கைக்கெட்டும் தூரத்தில் டப்பா இருக்க வேண்டும், இல்லையென்றால் எழுந்து வந்து "எதுக்கு வந்தோம்" என்று யோசித்துவிட்டுத் திரும்பிப் போவார்கள்.

டப்பா என்றால் ஏழு நாளுக்கும் தனித்தனிக் கட்டம் உள்ள, ஒரு நாளுக்கே காலை, மதியம், இரவு என்று பிரித்த மாத்திரை டப்பா. மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கும். இது இல்லாமல் ஸ்பீக்கர் வைத்து ஒரு பிரயோஜனமும் இல்லை, ஏன் என்று கீழே வரும். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை அம்மா நிரப்பிவிடுவார். தைராய்டு மாத்திரைக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன டப்பா, ஏனென்றால் அதை மற்றதோடு சேர்த்து விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது.

அப்புறம் அக்கவுண்ட். உங்கள் சொந்த அமேசான் அக்கவுண்டிலேயே ஸ்பீக்கரைச் சேர்த்துவிட்டால், உங்கள் ஆர்டர் வந்த செய்தியெல்லாம் அப்பா வீட்டில் மஞ்சள் விளக்கு போட்டு மினுக்கும். அப்பா அம்மா பெயரில் ஒரு அக்கவுண்ட் திறந்து, உங்கள் போனில் அலெக்சா ஆப்பில் அதைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். செட் செய்து முடித்ததும் `Device Settings` உள்ளே போய் முகவரியையும் நேர மண்டலத்தையும் பாருங்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு செட் செய்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஊரில் யாரையாவது விட்டு "வாட் டைம் இஸ் இட்" என்று கேட்கச் சொல்லுங்கள். சுவர்க் கடிகாரமும் அதுவும் ஒன்றையே சொன்னால் சரி.

ரிமைண்டரா, ரொட்டீனா?

அலெக்சாவில் ரிமைண்டர் என்று தனியாக ஒன்று இருக்கிறது. வைப்பது சுலபம்: ஒரு மணி அடித்து, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை சொல்லிவிட்டு ஓய்ந்துவிடும். ஒரே ஒரு மாத்திரை போடுகிறவருக்கு அதுவே போதும். ரொட்டீனில் இன்னும் கொஞ்சம் வேலை காட்டலாம். சத்தத்தை ஏற்று, பெயர் சொல்லிக் கூப்பிடு, கொஞ்சம் பொறு, விஷயத்தைச் சொல், சத்தத்தை இறக்கு என்று வரிசையாகக் கோக்கலாம். வயதானவர்களுக்கு அந்த வரிசைதான் முக்கியம்.

முதல் ரொட்டீனாகத் தைராய்டு மாத்திரையை எடுத்துக்கொள்வோம். நேரம் காலை 5:45, ஏனென்றால் அப்பா ஐந்தரைக்கு எழுந்துவிடுவார்.

ஆப்பில் `More` போய் `Routines` தொடுங்கள், மேலே இருக்கும் கூட்டல் குறியை அழுத்துங்கள். பெயர் கேட்கும், உங்களுக்குப் புரிகிற எதையாவது கொடுங்கள். எப்போது நடக்க வேண்டும் என்ற இடத்தில் `Schedule` தேர்ந்தெடுத்து, எல்லா நாளும் என்று குறித்து, 5:45 AM போடுங்கள். AM, PM ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள், எனக்கு மாலை ஐந்தே முக்காலுக்குத் தைராய்டு மாத்திரை கூவியது. பிறகு என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும்.

முதலில் `Device Settings` உள்ளே `Volume`. பத்துக்கு எட்டு என்கிற அளவு. இதைச் சேர்க்காமல் விட்டால், முந்தின நாள் அம்மா பாட்டுக் கேட்டுவிட்டு எந்த அளவில் குறைத்து வைத்தாரோ அதே அளவில் முனகும். பலர் "சில நாள் சொல்லுது, சில நாள் சொல்ல மாட்டேங்குது" என்று சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அது சொல்லத்தான் செய்கிறது, காதில் விழுவதில்லை.

இரண்டாவது, `Alexa Says` உள்ளே `Customized`. அதில் முதலில் கூப்பிட மட்டும் செய்யுங்கள்:

```
Appa. Appa.
```

மூன்றாவது, `Wait`, பத்து விநாடி. இதை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் சேர்த்தேன். வயதானவர்களுக்குத் திடீரென்று வரும் முதல் வார்த்தைகள் காதில் ஏறுவதில்லை. ஏதோ சத்தம் வருகிறது என்று புரிந்து, திரும்பி, காதைக் கொடுப்பதற்குள் வாக்கியம் முடிந்துவிடும். பக்கத்து அறையிலிருந்து யாராவது உங்களை ஏதோ கேட்டால் "என்ன?" என்று கேட்பீர்கள் இல்லையா, அந்த "என்ன?"வுக்கான இடைவெளி இந்தப் பத்து விநாடி.

நாலாவது, மறுபடி `Alexa Says`, இப்போது விஷயம்:

```
Appa, thyroid maathirai. Chinna dabba. Thanneer mattum. Coffee appuram.
```

கடைசியாக மறுபடி `Volume`, நாலுக்கு இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்து யாராவது மணி கேட்டால் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லும்.

எந்த ஸ்பீக்கரிலிருந்து பேச வேண்டும் என்று ஆப் கேட்கும், வீட்டில் இரண்டு இருந்தால் சரியானதைக் காட்டுங்கள். சேமித்ததும் ரொட்டீனுக்குப் பக்கத்தில் இருக்கும் ப்ளே பட்டனை அழுத்தினால் அப்போதே ஓடிக் காட்டும். நீங்கள் ஊரில் இருக்கும்போதே, கொல்லைப்புறத்தில் நின்றும் பாத்ரூமுக்குள் நின்றும் அதைக் கேட்டுப் பாருங்கள்.

தமிழில் பேச வைப்பது

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன், இந்த ஸ்பீக்கர் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. இந்தியாவுக்கு ஆங்கிலமும் இந்தியும்தான். அதனால் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்து, இந்திய ஆங்கிலக் குரலில் படிக்க வைக்க வேண்டும். மொழி `English (India)` என்று இருக்கிறதா என்று பாருங்கள், அமெரிக்க ஆங்கிலத்தில் விட்டால் அப்பாவை அது கூப்பிடும் அழகே தனி.

உச்சரிப்பு கொஞ்சம் வடநாட்டுக்காரர் தமிழ் பேசுவது மாதிரிதான் வரும். சில விஷயம் உதவும். வாக்கியம் நாலைந்து வார்த்தைக்கு மேல் போக வேண்டாம், ஒவ்வொன்றின் முடிவிலும் முற்றுப்புள்ளி வையுங்கள், அங்கே அது நிறுத்தும். நெடிலுக்கு எழுத்தை இரட்டியுங்கள். ழகரம் வரும் வார்த்தையைத் தவிருங்கள். மாத்திரையின் கம்பெனிப் பெயரை அது படிக்கவே வேண்டாம், அப்பாவுக்கும் அந்தப் பெயர் தெரியாது, "சின்ன டப்பா", "காலைக் கட்டம்" போதும். எழுதியதை ப்ளே பட்டன் போட்டுக் கேட்டு, புரியாத வார்த்தையை மாற்றி மாற்றி எழுதிப் பாருங்கள். அப்படி உட்கார்ந்து ஒரு மாலை முழுக்க நானும் தங்கையும் "மாத்திரை"யை ஆறு விதமாக எழுதிப் பார்த்துச் சிரித்தோம்.

கடைசியில் புரிகிறதா என்று முடிவு செய்ய வேண்டியது நீங்கள் இல்லை. அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லாமல் ஓடவிட்டு, "இப்ப என்ன சொல்லுச்சு?" என்று கேளுங்கள். கண் சொட்டுக்கு நான் முதலில் எழுதியது "வெள்ளை மூடி. கண்ணை மூடி இருங்க." அப்பா கேட்டுவிட்டு, "எந்த மூடியைச் சொல்லுது, எதை மூடச் சொல்லுது?" என்றார். அதற்குப் பிறகு அது "வெள்ளை பாட்டில்" ஆனது.

இரண்டாவது தடவை சொல்வதில் இருக்கும் ஆபத்து

முதலில் சொன்ன ஆபத்தான தப்பு இதுதான். ஒரு தடவை சொன்னால் விட்டுவிடுவாரோ என்று 5:45, 6:00, 6:15 என்று மூன்று தடவை அதே வாக்கியத்தைச் சொல்ல வைத்தேன். மாதக் கடைசியில் புது அட்டை வாங்க அம்மா பார்த்தபோது இரண்டு மாத்திரை குறைந்தது. அப்போது தைராய்டு மாத்திரைக்குத் தனி டப்பா கிடையாது, அட்டையிலிருந்து பிரித்துத்தான் போடுவார். இரண்டு நாள் அவர் இரண்டாவது கூவலையும் கேட்டு, போட்டதை மறந்து, மறுபடி போட்டிருக்கிறார். தைராய்டு என்பதால் தப்பித்தோம். அது சர்க்கரை மாத்திரையாக இருந்திருந்தால் மயங்கி விழும் அளவுக்குப் போயிருக்கும்.

யோசித்தால் இது இயந்திரத்தின் தப்பு இல்லை. ஸ்பீக்கருக்கு மாத்திரை போட்டாரா இல்லையா என்று தெரியாது. "மாத்திரை போடுங்க" என்று சொன்னால் கீழ்ப்படியும் மனிதர் போடுவார், அவ்வளவுதான். போட்டாரா என்பதற்கு ஒரே சாட்சி அந்த டப்பாவின் கட்டம். அதனால் இரண்டாவது தடவை சொல்லும் வாக்கியம் மாத்திரையைப் பற்றி இருக்கவே கூடாது, டப்பாவைப் பற்றி இருக்க வேண்டும்:

```
Appa, dabbaavai paarunga. Maathirai irundhaal podunga. Kaali endraal vendaam.
```

இதற்காகத்தான் தைராய்டுக்கும் ஏழு கட்டம் உள்ள குட்டி டப்பா வாங்கியது. இன்றைய கட்டம் காலியாக இருந்தால் போட்டாயிற்று. இந்த இரண்டாவது வாக்கியத்தை முதல் ரொட்டீனிலேயே, இருபது நிமிட `Wait` போட்டு, கடைசி `Volume`-க்கு முன்னால் சேர்த்துக்கொள்ளலாம். மூன்றாவது தடவை வேண்டவே வேண்டாம்.

அதே காரணத்துக்காக, ஒரு நாளில் மொத்தம் எத்தனை தடவை பேசுகிறது என்றும் பாருங்கள். ஆர்வத்தில் தண்ணீர் குடிங்க, நடக்கப் போங்க, வெயில் தாழ்ந்துவிட்டது என்றெல்லாம் நான் சேர்த்து வைத்திருந்தேன். பத்தே நாளில் அப்பா எதையும் காதில் வாங்காமல் பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார். "மில்லு சங்கு மாதிரி கூவிக்கிட்டே இருக்கு" என்றார். மருந்துக்கு மட்டும் என்று வெட்டிய பிறகுதான் திரும்பக் கவனிக்கிறார்.

சாப்பாட்டோடு போடும் மாத்திரைக்குக் கடிகாரம் சரிவராது

சர்க்கரை மாத்திரையில் சில வகை, போட்டதும் சாப்பிட்டே ஆக வேண்டும். காலை எட்டு மணிக்கு ஸ்பீக்கர் "மாத்திரை போடுங்க" என்கிறது, அவர் போட்டுவிடுகிறார், அன்றைக்கென்று கேஸ் தீர்ந்துபோய் டிபன் ஒன்பதுக்கு வருகிறது. வியர்த்து, கை நடுங்கி உட்கார்ந்திருப்பார். எட்டு மணி என்பது நம் வசதிக்காக வைத்தது, உடம்புக்கு வேண்டியது தட்டில் இட்லி.

அதனால் இந்த ரொட்டீனைக் கடிகாரத்திலிருந்து எடுத்து, அம்மாவின் வாய்க்கு மாற்றினேன். புது ரொட்டீன் தொடங்கும்போது `Schedule` வேண்டாம், `Voice` எடுங்கள். அங்கே ஒரு சொற்றொடர் எழுதச் சொல்லும். நான் கொடுத்தது:

```
tiffin ready
```

அம்மா தட்டை வைத்துவிட்டு, "அலெக்சா, டிபன் ரெடி" என்கிறார். உடனே அது அப்பாவைக் கூப்பிட்டு, பத்து விநாடி பொறுத்து, "காலைக் கட்டம், எல்லா மாத்திரையும், அப்புறம் டிபன்" என்கிறது. இரண்டு ஆங்கில வார்த்தைதான் என்பதால் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. முழுத் தமிழ் வாக்கியம் கொடுத்தால் பெரும்பாலும் தடுமாறும். ஒன்றிரண்டு மாற்றுச் சொற்றொடர்களையும் அதே ரொட்டீனில் சேர்த்து வையுங்கள், ஒரு நாள் "ஃபுட் ரெடி" என்று வரும். "அலெக்சா" என்ற பெயரே வாயில் வரவில்லை என்றால் கூப்பிடும் பெயரை அமைப்பில் `Echo` என்று மாற்றலாம். என் பெரியம்மாவுக்கு அதுதான் வருகிறது.

எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின், எத்தனை நிமிட இடைவெளி என்பதை மட்டும் சீட்டைப் பார்த்து நீங்களாக ஊகிக்காதீர்கள், அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது நாள் முழுக்க ஒரு அட்டவணையாக எழுதிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு அப்புறம் ரொட்டீன் போடுங்கள். கால்சியம் மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையும் தைராய்டு மாத்திரையிலிருந்து நாலு மணி நேரம் தள்ளி இருக்க வேண்டும், இந்த மாதிரி விஷயம் ரொட்டீன் போட உட்காரும்போதுதான் வெளியே வரும்.

கண் சொட்டு: இதற்குத்தான் ஸ்பீக்கர் ரொம்ப உதவியது

ஒரே கண்ணில் இரண்டு மருந்து விட வேண்டும் என்றால் நடுவில் ஐந்து நிமிடமாவது விட வேண்டும். உடனே விட்டால் இரண்டாவது சொட்டு முதல் சொட்டைக் கழுவி வெளியே தள்ளிவிடும். அப்பா முன்பெல்லாம் ஒன்றை விட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டே நூறு வரை எண்ணுவார், நடுவில் தூங்கிவிடுவார் அல்லது எண்ணிக்கை மறந்து உடனே அடுத்ததை விடுவார். கண்ணை மூடியிருக்கும்போது கடிகாரத்தையும் பார்க்க முடியாதே.

ரொட்டீன் இப்படி. காலை 7 மணி, சத்தம் எட்டு, கூப்பிடு, பத்து விநாடி. பிறகு:

```
Appa, kan marundhu. Vellai bottle. Oru sottu.
```

அடுத்து `Wait`, ஆறு நிமிடம். ஐந்து போடாமல் ஆறு போட்டதற்குக் காரணம், அவர் கேட்டு, எழுந்து, பாட்டில் மூடியைத் திருகி, சொட்டு விடுவதற்கே ஒரு நிமிடம் ஆகிறது. அதன் பிறகு:

```
Appa, ippo rendaavadhu marundhu. Sivappu rubber band.
```

இரண்டு பாட்டிலும் பார்க்க ஒரே மாதிரி இருந்ததால் ஒன்றில் சிவப்பு ரப்பர் பேண்ட் சுற்றி வைத்திருக்கிறோம். கண் மங்கலாக இருந்தாலும் விரலில் தட்டுப்படும். மாலை 7 மணிக்கு இதே ரொட்டீன் இன்னொன்று.

போட்டாரா என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமென்றால்

இன்னொரு குரல் ரொட்டீன் வையுங்கள், சொற்றொடர் `tablet over`. அதில் செய்ய வேண்டியது ஒரே ஒரு வேலை, `Messaging` பகுதியில் போனுக்கு அறிவிப்பு அனுப்புவது. அப்பா போட்டு முடித்து "அலெக்சா, டேப்லெட் ஓவர்" என்றால் என் போனில் டிங் என்று வரும். ஒன்பதரைக்குள் வரவில்லை என்றால் மட்டும் நான் போன் செய்கிறேன்.

இதை முழுசாக நம்பவும் வேண்டாம். போடாமலேயே "ஓவர்" சொல்ல முடியும், போட்டுவிட்டுச் சொல்ல மறக்கவும் முடியும். ஞாயிற்றுக்கிழமை டப்பா நிரப்பும்போது எந்தக் கட்டத்தில் மிச்சம் இருக்கிறது என்று அம்மா வீடியோ காலில் காட்டுவார், கணக்கு அதுதான்.

விளக்கு வைக்கிற நேரம், தொழுகை நேரம்

மாலையில் விளக்கேற்ற ஞாபகப்படுத்த வேண்டும் என்று அம்மா கேட்டார். ஆறு மணி என்று வைத்தேன். ஜூலையில் ஆறு மணிக்கு வெயில் அடிக்கும், நவம்பரில் இருட்டியிருக்கும். சென்னையை எடுத்துக்கொண்டால் நவம்பர் கடைசியில் சூரியன் 5:40 வாக்கில் மறைகிறது, ஜூலை தொடக்கத்தில் 6:40 வாக்கில். ஒரு மணி நேர வித்தியாசம். ரொட்டீனில் `Schedule` உள்ளேயே `Sunset`, `Sunrise` என்று இருக்கிறது. அதை எடுத்தால் நீங்கள் கொடுத்த முகவரியை வைத்துத் தினமும் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும், இத்தனை நிமிடம் முன், பின் என்றும் தள்ளி வைக்கலாம். விளக்குக்குச் சூரியன் மறைவதற்குப் பதினைந்து நிமிடம் முன்னால் வைத்தேன். பிறகு ஒரு பக்திப் பாட்டும் போட வேண்டுமென்றால் பாட்டை வரிசையில் கடைசியாக வையுங்கள்.

மேலப்பாளையத்தில் இருக்கும் நண்பன் ஒருவன் அவன் உம்மாவுக்கு இதே வழியில் தொழுகை நேரம் வைத்துக் கொடுத்தான். ஐந்து வேளையையும் குறிப்பிட்ட மணிக்கு வைத்தால் இரண்டு வாரத்தில் விலகிப் போகும் என்பதால், சூரியனோடு கட்டினான். மஃரிப் சூரியன் மறைவதோடு வருவது, அதற்கு `Sunset`. பஜ்ருக்கு `Sunrise`-க்கு 45 நிமிடம் முன், நம் ஊரில் அது எப்போதும் பஜ்ர் நேரத்துக்குள்ளேயே விழும், தொழுது முடிக்கவும் அவகாசம் இருக்கும். லுஹருக்கு 12:45 என்றே வைத்துவிட்டான், நம் பக்கத்தில் வருடம் முழுக்கச் சூரியன் உச்சி சாய்வது அதற்குள் முடிந்துவிடும். இஷாவுக்குச் சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரம் கழித்து. அஸர் நேரம் மட்டும் மத்ஹப் என்கிற சட்டப் பிரிவுக்குத் தகுந்தபடி மாறுவதால் ஜமாஅத் கொடுக்கும் கால அட்டவணையைப் பார்த்து மாதத்துக்கு ஒரு தடவை கையால் மாற்றுகிறான்.

இவையெல்லாம் "நேரம் வந்துவிட்டது, ஒளு செய்யுங்க" என்று நினைவூட்டத்தான். ரமலானில் சஹர் முடிவதற்கும் நோன்பு திறப்பதற்கும் ஸ்பீக்கரை நம்பக் கூடாது, பள்ளிவாசல் அட்டவணையும் பாங்கும்தான். இன்னொரு விஷயம், மஃரிபும் மாலைக் கண் சொட்டும் ஒரே நேரத்தில் மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொழுகைக்கு நடுவில் "உம்மா, உம்மா" என்று அது எட்டாம் சத்தத்தில் கூப்பிட்டால் அன்றைக்கே பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். நண்பன் வீட்டில் அப்படித்தான் நடந்தது. சொட்டை அதற்கப்புறம் அரை மணி நேரம் தள்ளி வைத்தான்.

ஊமையாகிவிட்டால்

ரொட்டீன் ஓட நெட் வேண்டும், கரண்ட் வேண்டும். எக்கோ டாட்டுக்குள் பேட்டரி கிடையாது. இதில் கவனிக்க வேண்டியது, கரண்ட் போய் வந்த பிறகு விட்டுப்போன ரொட்டீனை அது பின்னால் சொல்லாது. 7 மணிக்கு ஐந்து நிமிடம் கரண்ட் இல்லையென்றால் அன்றைய சொட்டு அவ்வளவுதான். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ரூட்டர், ஸ்பீக்கர் இரண்டும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் ஸ்பீக்கர் மட்டும் இருந்தது, ரூட்டர் இல்லை, அது தெரியவே ஒரு மாதம் ஆனது.

போனிலேயே சரிபார்க்க, விளக்கு வளையம் என்ன நிறம் என்று கேளுங்கள். சிவப்பு என்றால் யாரோ மைக்கை அணைத்திருக்கிறார்கள், நேரத்துக்குச் சொல்வது நடக்கும், ஆனால் "டிபன் ரெடி" காதில் விழாது. மேலே உள்ள மைக் பட்டனை ஒரு தடவை அழுத்தச் சொல்லுங்கள். ஆரஞ்சு சுற்றினால் வைஃபையைத் தேடுகிறது, பெரும்பாலும் ரூட்டரை மாற்றியிருப்பார்கள், இல்லையென்றால் பாஸ்வேர்டை. துடைக்கும்போது பிளக் கழன்றிருந்தால் எந்த விளக்கும் வராது, முதலில் அதைப் பாருங்கள்.

அதனால் தவறவே கூடாத ஒரு மருந்துக்கு மட்டும் நெட் வேண்டாத ஒரு மாற்று வையுங்கள். எங்களிடம் ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன் சும்மா கிடந்தது. அதில் என் குரலிலேயே "அப்பா, கண் மருந்து விட்டாச்சா?" என்று பதிவு செய்து, கடிகார ஆப்பில் அதையே அலாரம் ஒலியாகக் கொடுத்து, 7:15க்கு வைத்து, சார்ஜரில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். சிம் இல்லை, நெட் இல்லை, கரண்ட் போனாலும் அது பேசும், அதுவும் நல்ல தமிழில். அம்மாவுக்கு ஸ்பீக்கரைவிட அதுதான் பிடித்திருக்கிறது. "நீ வந்து கூப்பிடுற மாதிரியே இருக்குடா" என்கிறார். அப்பாவோ, அது அடிக்கும்போதெல்லாம் "போட்டாச்சுடா" என்று அலமாரியைப் பார்த்துப் பதில் சொல்லிவிட்டுத்தான் நிறுத்துகிறார்.